அம்மா, கொஞ்சம் அழறீங்களா?

2022 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. சன் டிவியில் ‘விஜயுடன் நேருக்கு நேர்’ ஒளிபரப்பானது. ஏறக்குறைய பத்து ஆண்டுகளாகப் பேட்டி என்ற பக்கமே தலைவைத்துப் படுக்காத விஜய் வந்து உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் நெல்சன் திலீப்குமார். மூன்றே நாளில், ஏப்ரல் 13ஆம் தேதி வெளியாகவிருந்த ‘பீஸ்ட்’ படத்தின் இயக்குநர் அவர். படத்தின் நாயகன் விஜய். தயாரிப்பு சன் பிக்சர்ஸ். ஒளிபரப்பு சன் டிவி.

இதில் ஒளிவுமறைவே இல்லை, அதற்காகவாவது பாராட்ட வேண்டும். கடை முதலாளி தன் கடையிலேயே, தன் சரக்கைப் பற்றி, சரக்கைச் செய்தவரையே விட்டு விசாரிக்கச் சொன்னார். விசாரணை முடிவில் சரக்கு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டே ஆண்டில், 2024 பிப்ரவரியில், அரசியல் கட்சி தொடங்கப்போகிற ஒரு மனிதரைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்க ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியில் அவரை வைத்துப் படம் எடுத்தவரே உட்கார்ந்தார். நெல்சன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் வேலை படம் எடுப்பது, எடுத்த படத்தை ஓட வைப்பது. அன்றைக்கும் அதைத்தான் செய்தார். அந்த நிகழ்ச்சியைப் பேட்டி என்று விற்றவர்கள் மேலும், பேட்டி என்றே நம்பி இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நம் மேலும்தான் கோபம்.

ஒரு பெரிய நடிகரின் பேட்டி இங்கே எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு சேனல் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை உட்கார்ந்து, “யாரிடம் பேசினால் நாலு விஷயம் தெரியும்?” என்று யோசிக்கிறார்கள் என நினைப்பவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். அங்கே யோசிக்க எதுவும் கிடையாது. சுவரில் ஒரு பட்டியல் இருக்கும், வரும் வெள்ளிக்கிழமைகளில் என்னென்ன படம் ரிலீஸ் என்று. விருந்தினர் யார் என்பதை அந்தப் பட்டியல் முடிவு செய்துவிடும். படத்தின் பி.ஆர்.ஓ. போன் செய்வார். “சார் புதன்கிழமை உட்கார்றார். உங்களுக்கு 11.40 டு 12 ஸ்லாட்.” அவ்வளவுதான். ஒரு ஓட்டல் அறை, அல்லது தயாரிப்பாளரின் அலுவலக மாடி. நடிகர் ஒரே சட்டையில் ஒரே நாற்காலியில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பார். சேனல்கள் வெளியே வரிசையில் நிற்கும். உள்ளே போகிறவர் மைக்கில் தன் சேனல் லோகோவை மாட்டிக்கொண்டு, இருபது நிமிடத்தில் சிரித்து முடித்து வெளியே வர வேண்டும். அன்று மாலை எட்டு சேனல்களில் எட்டு ‘எக்ஸ்க்ளூசிவ்’ பேட்டிகள் ஏறும். எட்டிலும் அதே சட்டை, அதே சோபா, அதே பூச்சாடி.

தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்றவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்காக அந்த வேலையைத் தொடங்கினார். அவர் பத்திரிகைகளுக்குப் படங்களையும் தகவல்களையும் கொண்டுபோய்க் கொடுத்தார். சேர்த்து வைத்த தகவல்களால் தமிழ் சினிமா வரலாற்றுக்கே ஆதாரமாக நின்றார். பத்திரிகைக்காரனுக்குத் தகவல் கிடைக்கட்டும் என்று தொடங்கிய வேலை அது. அதன் இன்றைய வாரிசுகள் கேள்வித்தாளைத் திருத்தும் பொறுப்பில் இருக்கிறார்கள்.

கேள்வித்தாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. கேள்விகள் முதல் நாளே வாட்ஸ்அப்பில் போய்விடும். பதிலுக்கு ஒரு குரல் குறிப்பு வரும்: “பிரதர், போன படம் பத்தி வேணாம். சம்பளம் வேணாம். ஹீரோயின் மேட்டர் வேணவே வேணாம். பாலிடிக்ஸ் கேட்டா சார் எந்திரிச்சுப் போயிடுவார். மத்தபடி நீங்க ஃப்ரீயா கேளுங்க.” இப்படி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது படம் ஒன்றுதான். அந்தப் படம் இன்னும் வெளியாகவில்லை. பேட்டி எடுக்கிற பிள்ளை அதைப் பார்த்ததும் இல்லை. ஆகவே பார்க்காத படத்தைப் பற்றி ஒருவர் கேட்க, சொல்லக்கூடாத படத்தைப் பற்றி இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். “உங்க கேரக்டர் பத்திச் சொல்லுங்க சார்.” “அதைச் சொன்னா கதையையே சொன்ன மாதிரி ஆயிடும்.” “டைரக்டர் கூட ஒர்க் பண்ணின அனுபவம்?” “வேற லெவல்.” “செட்ல ஃபன்னா ஏதாவது நடந்துச்சா?” “டெய்லி ஃபன்தான்.” இந்த மூன்று பதிலும் இல்லாத ஒரு பட விளம்பரப் பேட்டியைக் காட்டுபவருக்கு நான் கைதட்டத் தயார். படம் வெளியாகி, எல்லோரும் பார்த்து, ‘இரண்டாம் பாதியை ஏன் அப்படி எடுத்தீர்கள்’ என்று கேட்கத்தக்க கேள்வி ஒன்று ஊருக்கே தெரிந்த பிறகு அந்த நாற்காலி காலியாகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு சட்டை.

கேள்வியே இல்லாத இருபது நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? அதற்குத்தான் கிண்ணத்தில் சீட்டு, ரேபிட் ஃபயர், கண்ணைக் கட்டிக்கொண்டு பண்டத்தைக் கண்டுபிடிப்பது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பலூனை உடைத்து அதற்குள் இருக்கும் துண்டுச்சீட்டைப் படிக்கிறார்: ‘இட்லியா, தோசையா?’ அவர் தோசை என்கிறார். அதற்கு ஒரு விசில் சத்தத்தை எடிட்டிங்கில் சேர்க்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்கிற தொகுப்பாளப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரே நாளில் மூன்று நான்கு பேட்டிக்கு ஓடுகிறார்கள். காரில் போகும்போதே அந்த நடிகரின் விக்கிப்பீடியா பக்கத்தைப் புரட்டுகிறார்கள். கூர்மையாக ஒன்று கேட்டுவிட்டால் அடுத்த படத்துக்கு ஸ்லாட் கிடைக்காது; ஸ்லாட் கிடைக்காவிட்டால் வேலை போகும். பயந்து கேட்கிறவனைக் கோழை என்று சொல்லிவிட்டு, பயமுறுத்துகிறவனோடு செல்ஃபி எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒளிப்பதிவு முடிந்த பிறகும் சாரின் கை அதன்மேல் இருக்கும். எடிட் முடிந்ததும் வீடியோவை வெளியே தெரியாதபடி ‘அன்லிஸ்டட்’ ஆக ஏற்றி, லிங்க்கை பி.ஆர்.ஓ.வுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பதில் வரும்: ‘6.10 டு 6.42 கட். 14.05ல தண்ணி குடிக்கிறது வேணாம். அந்தப் பழைய ஹீரோ பேரு சொன்னது எடுத்துடுங்க.’ எடுத்துவிடுவார்கள். வாய் தவறி ஒரு உண்மை வெளியே விழுந்திருந்தால் அந்த முப்பத்திரண்டு விநாடியில்தான் விழுந்திருக்கும். நாளிதழ்களும் வார இதழ்களும் எத்தனையோ காலமாகப் பேட்டி போட்டிருக்கின்றன. அச்சுக்குப் போகும் முன் பேட்டி கொடுத்தவர் பார்த்துத் திருத்தித் தருவது அங்கேயும் உண்டு. ஆனால் கேள்வி, பதில், வெட்டு, தலைப்பு நான்கையும் பதில் சொல்கிறவரே பார்த்துக்கொள்வதை விளம்பரம் என்று சொல்லும் நாணயம் அவர்களுக்கு இருந்தது. ‘விளம்பரம்’ என்று பக்கத்தின் மேலே சின்ன எழுத்திலாவது போடுவார்கள்.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பகுதி. பெரிய மனிதர் தன்னைத் தானே வெட்டித் திருத்திக்கொள்கிறார், நமக்குக் கொஞ்சம் நேரம் வீண். வெள்ளிக்கிழமை பட்டியலில் பெயர் இல்லாதவர்களின் கதை வேறு.

பெரிய ரிலீஸ் இல்லாத வாரமும் சேனல் ஓட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு வீடியோ ஏற வேண்டும். அதற்கு வேறொரு பட்டியல் இருக்கிறது. பிக் பாஸ் வீட்டிலிருந்து இந்த வாரம் வெளியேறியவர். விவாகரத்தான சீரியல் நடிகை. எண்பதுகளில் நாலு படத்தில் தங்கச்சியாக வந்து இப்போது வாடகை வீட்டில் இருக்கிறவர். மறைந்த நகைச்சுவை நடிகரின் மனைவி, அவர் கிடைக்காவிட்டால் அண்ணன், அண்ணனும் கிடைக்காவிட்டால் கார் ஓட்டியவர். இந்தப் பட்டியலில் இடம்பெற ஒரே தகுதி, கஷ்டம். அதுவும் அழத்தக்க கஷ்டமாக இருக்க வேண்டும். ‘அவங்க இப்ப நல்லா இருக்காங்க சார், பேரன் பேத்தியோட’ என்று விசாரித்து வந்தவன் சொன்னால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஒருவரைச் சொல்லவில்லை, பலரைக் கூட்டிச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய அம்மா. நூறு படங்களுக்கு மேல் அம்மாவாக, அத்தையாக, வில்லனின் மனைவியாக நடித்தவர். காலை பத்து மணிக்கு மூன்று பேர் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்று கேமரா: அகலமாக ஒன்று, அம்மா முகத்துக்கு ஒன்று, தொகுப்பாளர் முகத்துக்கு ஒன்று. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி, கணவரின் மாலை போட்ட படத்தைப் பின்னால் தெரிகிற மாதிரி நகர்த்தி வைக்கிறார்கள். ‘ஃப்ரேம் நல்லா இருக்கும்மா.’ அம்மா காபி போடுகிறார். பேச்சு இரண்டேகால் மணி நேரம் ஓடுகிறது.

அதில் என்ன பேசினார்? முக்கால் மணி நேரம் வேலையைப் பற்றிப் பேசினார். வாஹினி ஃப்ளோரில் ஆர்க் விளக்கு கண்ணைக் கருக்கியதை, ராத்திரி கண்ணில் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டு படுத்ததை. கம்பெனி கார் யாருக்கு வரும், யார் பஸ்ஸில் போவார்கள் என்பதை. நாயகிக்கு வேறு சாப்பாடு, துணை நடிகைக்கு வேறு சாப்பாடு என்று ஒரே செட்டில் இரண்டு பந்தி ஓடியதை. பாக்கிப் பணத்துக்குத் தயாரிப்பாளர் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை, படம் ஓடியும் அந்தப் பாக்கி வராததை. இந்த முக்கால் மணி நேரத்தை எந்தப் புத்தகத்திலும் தேடிப் படிக்க முடியாது. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எடிட்டர் கேட்ட முதல் கேள்வி: “இதுல என்ன மேட்டர் இருக்கு? லேக் அடிக்குதுப்பா.” முக்கால் மணி நேரமும் போனது.

அடுத்து வெட்டு. ஒரு இடத்தில் தொகுப்பாளர் கேட்கிறார், “அம்மா, அந்தப் பெரிய நடிகர் செட்ல உங்களைக் கை நீட்டினாருன்னு ஒரு பேச்சு இருக்கே?” அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார்: “அவர் என்னை அடிச்சாருன்னு ஊரே பேசிச்சு தம்பி. அதெல்லாம் கிடையாது. சீன்ல அறையணும். நான் தலையைத் திருப்பறதுக்குள்ள கை பட்டுடுச்சு. பாவம், அவர்தான் அன்னிக்கு முழுக்கச் சாப்பிடலை.”

தமிழில் யார் சொன்னார், உண்மையா பொய்யா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் வரும். வெட்டுகிறவனுக்கு இது பெரிய வசதி. விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடுகிறது. ‘அடிச்சாருன்னு’ என்பதில் அந்தக் கடைசி ‘ன்னு’ ஐந்தாறு ஃப்ரேம் இருக்கும், கால் விநாடி. எடிட்டிங் திரையில் ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் எங்கே ‘ரு’ முடிகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தில் ஒரு வெட்டு. “அவர் என்னை அடிச்சாரு.” உடனே தொகுப்பாளரின் அதிர்ந்த முகம். அந்த முகம் அந்தப் பதிலுக்கு வந்தது கிடையாது. முக்கால் மணி நேரம் கழித்து, அம்மா தன் மகன் இறந்ததைச் சொன்னபோது வந்தது. அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டியாகிவிட்டது. அடுத்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது. அதுவும் மகனுக்காகத் துடைத்தது. கீழே தபலாவும் வயலினும் ஏறுகின்றன.

மொத்தம் பதினான்கு விநாடி. ப்ரோமோ தயார்.

பொய் என்று தனியாக எதையும் காட்ட முடியாது என்பதுதான் இதன் அழகு. அம்மா அந்தச் சொற்களைச் சொன்னார். தொகுப்பாளர் அதிர்ந்தார். அம்மா அழுதார். மூன்றும் நடந்தவை. ‘அதெல்லாம் கிடையாது’ என்பதையும் அவர்கள் தூக்கி எறியவில்லை, நான்காம் பாகத்தில் ஏழாவது நிமிடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்க்க வேண்டியதுதானே?

நான்காம் பாகம் என்று ஒன்று ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூடியூபில் ஒரு வீடியோவின் நடுவே விளம்பரம் போட வேண்டுமானால் அதற்கு ஒரு குறைந்தபட்ச நீளம் தேவை. முன்பு பத்து நிமிடமாக இருந்தது. 2020 ஜூலையில் எட்டாகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் மனித வாழ்க்கையும் எட்டேகால் எட்டேகால் நிமிடமாக நடக்கத் தொடங்கியது. அம்மாவின் இரண்டேகால் மணி நேரத்தில் மிஞ்சியதை எட்டரை நிமிடத் துண்டுகளாகப் பத்து வரை போடலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு பதில் பாதியில் இருக்கும்போது முடியும். துண்டு போடுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. சித்ரா லட்சுமணன் தன் ‘சாய் வித் சித்ரா’வையும் பாகம் பாகமாகத்தான் போடுகிறார். ஆனால் ‘மண்வாசனை’யைத் தயாரித்து, ‘சூரசம்ஹாரம்’ இயக்கிய மனிதர் அவர். எதிரில் இருப்பவர் சொல்லும் கம்பெனியும் கால்ஷீட்டும் அவருக்குத் தெரியும், அதனால் அடுத்த கேள்வி முந்தைய பதிலிலிருந்தே எழும். ஒளிப்பதிவாளரும் எடிட்டரும் குணச்சித்திர நடிகரும் வேலையைப் பற்றிப் பேசிக் கேட்க அங்கே முடிகிறது. தெரிந்தவர் கேட்டால் ‘லேக்’ ஆக இருக்கும் அதே முக்கால் மணி நேரம் சரித்திரமாகிவிடும். பணமும் கேமராவும் இங்கே குறைச்சலில்லை. கேட்கப் போகிறவர் ஒரு வாரம் படித்துவிட்டுப் போக வேண்டும், அதற்குத்தான் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

கடைசியாகத் தம்ப்நெயில். அதற்கென்று தனியாக ஒரு பையன் இருப்பான், மீசை முளைத்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். அம்மா வாயைத் திறந்திருக்கும் ஒரு ஃப்ரேமை உறைய வைத்து, கண்ணில் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி, பக்கத்தில் அந்தப் பெரிய நடிகரின் கோபமான படம் ஒன்றைப் படத்திலிருந்து வெட்டி ஒட்டி, நடுவில் மின்னல் வெட்டுவது மாதிரி ஒரு கோடு போடுவான். ‘அந்த இரவு என்ன நடந்தது? கதறிய பழம்பெரும் நடிகை!’ அம்மா இரவு என்ற சொல்லையே சொல்லவில்லை. படப்பிடிப்பு பகலில் நடந்தது. இதிலும் விஞ்ஞானம் வந்துவிட்டது. ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை ஏற்றி, எது அதிக நேரம் ஆளைப் பிடித்து வைக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் வசதியை யூடியூபே தருகிறது. ஆக, ஒரு கிழவியின் கண்ணீரில் மூன்று அளவு போட்டு, எந்த அளவுக்கு நாம் நிற்கிறோம் என்று பார்க்கிறார்கள். நாம் பெரிய அளவுக்குத்தான் நிற்கிறோம். அவர்கள் அடுத்த தடவை அதையே போடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் அந்த அம்மாவுக்கு என்ன கிடைத்தது? ஒரு சால்வை, ஒரு தட்டு பழம், சேனல் பெயர் அச்சடித்த கோப்பை ஒன்று. முழுப் பதிவின் பிரதி கிடைக்காது. ஏற்றும் முன் பார்க்கக் கேட்டிருந்தால், “அதெல்லாம் எங்க பாலிசி இல்லம்மா” என்றிருப்பார்கள். அதே பாலிசிதான் புதன்கிழமை 11.40 ஸ்லாட்காரருக்கு 14.05இல் தண்ணீர் குடித்ததையே எடுத்துக் கொடுத்தது. அந்தப் பெரிய நடிகரின் குடும்பம் மறுநாள் போன் செய்து அம்மாவைத்தான் திட்டும். சேனலைத் திட்டாது, அடுத்த மாதம் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் படம் ரிலீஸ்.

கேள்வி தயாரிப்பதிலும் இதே இரட்டை நாக்குதான். நாயகனிடம் இட்லியா தோசையா என்று கேட்கிறவர்கள் நாயகியிடம் வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். கல்யாணம் எப்போது, ஏன் இன்னும் ஆகவில்லை, ஆனதென்றால் ஏன் முறிந்தது, அந்த உடையை வீட்டில் ஒத்துக்கொண்டார்களா. 2025 நவம்பரில் ‘அதர்ஸ்’ படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பில் நடந்தது நினைவிருக்கும். நாயகனிடம், நாயகி கௌரி கிஷனைத் தூக்கினீர்களே, எடை எவ்வளவு என்று முன்பொரு சந்திப்பில் கேட்கப்பட்டது. அடுத்த சந்திப்பில் கௌரி கிஷன், இது எந்த வகைக் கேள்வி என்று கேட்டார். மன்னிப்பு கேட்க வேண்டியவர் அவரிடமே குரலை உயர்த்தினார். மேடையில் அவருடைய படக் குழுவினர் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். சென்னை பத்திரிகையாளர் மன்றமும் நடிகர் சங்கமும் பிறகு கண்டித்தன. அந்த அறையில் அந்த நேரத்தில் அந்தப் பெண் தனியாகவே பேசினார். எடை கேட்டவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. நாயகியின் பக்கம் இருந்து ‘இது வேணாம் பிரதர்’ என்று குரல் குறிப்பு அனுப்ப ஆள் இல்லை. அதே வாயால் ஒரு பெரிய நாயகனிடம், ‘சார், தொப்பை எத்தனை அங்குலம், டூப் எத்தனை காட்சியில் போட்டார்கள்?’ என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு அடுத்த படத்தின் பிரிவியூவுக்கு உள்ளே போகட்டும், பார்ப்போம்.

பொறுமையிருப்பவர்கள் வெட்டை வீட்டிலிருந்தே பிடிக்கலாம். ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல் மேலே ஏறிய குரலில் நின்றால், அதற்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் இருந்தது என்று பொருள். நாம் முடிக்கும்போது குரலை இறக்குவோம். பேசுகிறவர் முகத்தைக் காட்டாமல் கேட்கிறவர் தலையாட்டுவதை இரண்டு விநாடி காட்டினால், அந்த மறைவில்தான் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். காபி கோப்பை பாதியாக இருந்து, அடுத்த வாக்கியத்தில் நிறைந்து, அதற்கடுத்ததில் காணாமல் போனால் வரிசை மாறியிருக்கிறது. காதில் மாட்டிக் கேட்டால் மின்விசிறிச் சத்தம் ஒரு இடத்தில் சட்டென்று மாறும். அதை மூடத்தான் வயலின். சோகப் பாட்டு எங்கே சத்தமாக இருக்கிறதோ அங்கேதான் அதிக வெட்டு.

நேர்காணல் என்றால் என்ன என்று இந்த ஊருக்குத் தெரியாமல் இல்லை. 2004இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவிடம் பி.பி.சி.க்காக கரண் தாப்பர் கேட்டதும், கடைசியில் அவர் கைகொடுக்காமல் எழுந்து போனதும் இன்றும் எல்லோரும் தேடிப் பார்க்கிற வீடியோ. கேட்டவர் பக்கம்தான் நியாயம் என்று நான் சொல்லவில்லை. அதில் ஜெயலலிதா சளைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காகவே ரசிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மோதல் அப்படியே ஒளிபரப்பானது. கைகொடுக்காத விநாடியை ஒருவரும் வெட்டவில்லை. அதனால்தான் இருபது வருடம் கழித்தும் அது உயிரோடு இருக்கிறது. பலூன் உடைத்த பேட்டி ஒன்றின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா?

சேனல்காரர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை. எட்டு நிமிடமும் வெள்ளிக்கிழமையும் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. பேட்டி கொடுக்கப்போகும் பெரியவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அம்மா, ஐயா, நீங்கள் பேசும்போது உங்கள் பேரனை உங்கள் செல்போனில் முழுவதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள், முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை. வந்தவர்கள் வேண்டாம் என்று முகம் சுளித்தால் காலர் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் கழற்றிய காலண்டரைத் திரும்ப மாட்டச் சொல்லி அனுப்பிவையுங்கள். அழச் சொன்னால், முதலில் பாக்கியைக் கேளுங்கள்.